வடசென்னையில் மனை வாங்குவோருக்கு: வழிகாட்டி மதிப்பு, சந்தை விலை, பத்திரச் செலவு

திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ முதன்முறையாக ஒரு மனை வாங்கப் போகிறவரிடம் இரண்டு தொகைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, விற்பவர் கேட்கும் விலை. மற்றொன்று, அந்தத் தெருவுக்குப் பதிவுத்துறை வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. பேச்சு வழக்கில் இதை 'கைட்லைன் வேல்யூ' என்கிறார்கள். இந்த இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. 'பத்திரத்தில் கைட்லைன் மட்டும் போட்டால் போதும், மிச்சத்தைக் கையில் கொடுத்துவிடலாம்' என்று தரகர் சொல்லும் இடத்தில்தான் புதியவர் குழம்புகிறார். பத்திரச் செலவு எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது, அந்தத் தொகையை நாமே எப்படிச் சரிபார்ப்பது, இரண்டு மதிப்புகளும் விலகி நிற்கும்போது என்ன செய்வது என்பவற்றை வெறும் மனையின் கிரயப் பத்திரத்தை மட்டும் வைத்து இங்கே விளக்குகிறேன். புதிய அடுக்குமாடி வீடுகளுக்குக் கணக்கு வேறு. அதை இதனோடு கலக்க வேண்டாம்.

இரண்டு மதிப்புகளும் என்ன

வழிகாட்டி மதிப்பு என்பது, ஒவ்வொரு தெருவுக்கும் அல்லது புல எண்ணுக்கும் ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று மதிப்பீட்டுக் குழுக்கள் நிர்ணயித்து, பதிவுத்துறை வெளியிடும் தொகை. சார்பதிவாளர் தம் முன் வரும் பத்திரத்தில் காட்டப்பட்ட மதிப்பு நியாயமானதா என்று பார்ப்பதற்கான அளவுகோல் அது. நிலத்தின் உண்மையான விலை இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. டான்சி நில வழக்கில் 2003ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், வழிகாட்டி மதிப்பு முதல் பார்வைக்கான ஓர் அடிப்படையே தவிர இறுதியான சந்தை மதிப்பு அல்ல என்றுதான் கூறியது.

சந்தை விலை என்பது, விற்க விரும்புகிறவரும் வாங்க விரும்புகிறவரும் நிர்ப்பந்தம் ஏதுமின்றி ஒப்புக்கொள்ளும் விலை. அது வாரத்துக்கு வாரம் நகரும். வழிகாட்டி மதிப்போ அரசு திருத்தும்போது மட்டும் நகரும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய பிறகு, காலடிப்பேட்டை, தேரடி நிலையங்களிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள மனைகளுக்கு விற்பவர்கள் கேட்கும் விலையில் அந்த வசதியும் சேர்ந்துகொண்டது. அந்த ரயிலுக்காக ஒவ்வொரு தெருவின் வழிகாட்டி மதிப்பும் மறுநாளே ஏறிவிடாது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கசடு படிந்த எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய பகுதியில் ஒரு மனையை வாங்க ஆள் வராமல் விலை இறங்கினாலும், பட்டியலில் உள்ள மதிப்பு அப்படியே நிற்கும்.

அரசு இந்த மதிப்புகளைத் திருத்திய வரலாறும் சற்றுக் கரடுமுரடானது. 2017 ஜூன் 9 முதல் மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்ந்தது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்கு ஏற்றப்பட்டு, கட்டணம் 2 விழுக்காடாக இறங்கியது. உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் சுற்றறிக்கை மூலமாகவே ஏற்றியது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறிய பின், விதிப்படி தயாரித்த புதிய மதிப்புகள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரர் 2019இல் பதிவு செய்த பத்திரத்தைப் பார்த்து இன்றைய செலவைக் கணிக்க முயல்வதில் பயன் இல்லை.

எந்தத் தொகையின் மேல் எவ்வளவு

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5 விழுக்காடு, அதோடு சொத்து மாற்றத்துக்கான கூடுதல் தீர்வை 2 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. மொத்தம் 9 விழுக்காடு. இந்த 9 விழுக்காடு, பத்திரத்தில் எழுதிய கிரயத் தொகை, வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கிடப்படும். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை அதிலிருந்தே வரும். விலை வழிகாட்டி மதிப்பைவிடக் கூடுதலாக இருந்தால் விலையின் மேல் கட்ட வேண்டும். குறைவாக இருந்தால், சார்பதிவாளர் வழிகாட்டி மதிப்பின் மேல் கட்டச் சொல்வார். வழிகாட்டி மதிப்பு தீர்வைக்கு ஒரு தரைமட்டம் மட்டுமே. அதற்கு மேலே உண்மை விலையை எழுதக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் ஒருவர் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. மாநகராட்சி எல்லைக்குள் 10 லட்சத்துக்கு மனை கிடைப்பது எங்கே என்று நீங்கள் கேட்கலாம்; கேட்பது நியாயம்தான். மிகச் சிறிய துண்டு நிலங்களுக்கு மட்டுமே இச்சலுகை இங்கு உதவும்.

வழிகாட்டி மதிப்பைப் பார்க்கும் முறை

முதலில் விற்பவரின் மூலப் பத்திரத்தை வாங்கி, அதன் சொத்து விவரப் பகுதியைப் படியுங்கள். தெருவின் பெயர், கதவு எண், புல எண் அல்லது நகர நில அளவை எண், பிளாக் எண், கிராமம், எந்தச் சார்பதிவாளர் அலுவலக எல்லை ஆகிய அனைத்தும் அங்கே இருக்கும். அடுத்து, பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் வழிகாட்டி மதிப்புத் தேடலைத் திறந்தால், அது முதலில் காலகட்டத்தைக் கேட்கும். நடப்பில் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய காலகட்டத்தைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டு, மதிப்பு குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து, பதிவு நாளில் பணம் போதாமல் திரும்பியவர்கள் உண்டு. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தையும் கிராமத்தையும் தேர்ந்தெடுத்து, தெருப் பெயர் வழியாக ஒரு முறையும் புல எண் வழியாக ஒரு முறையும் தேடுங்கள்.

இரண்டு வழியிலும் தேடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளையார் கோயில் தெரு, மாரியம்மன் கோயில் தெரு போன்ற பெயர்கள் ஒரே வட்டாரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும். எது உங்கள் தெரு என்பதை அது அடங்கிய கிராமமும் புல எண்ணும்தான் உறுதிசெய்யும். நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சந்தில் உள்ள மனைக்கு, கதவு எண் நெடுஞ்சாலையின் பெயரில் இருந்துவிட்டால், சாலைக்கான உயர்ந்த மதிப்பு உங்கள் தலையில் விழும் வாய்ப்பும் உண்டு. தெருவுக்கு ஒரு மதிப்பும் புல எண்ணுக்கு வேறொரு மதிப்பும் காட்டினால், எது பொருந்தும் என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முன்பணம் கொடுப்பது நல்லது.

தேடலில் மதிப்பு பூஜ்ஜியம் என்று வந்தால், தீர்வையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கோயில் நிலம், வக்பு நிலம், அரசுப் புறம்போக்கு ஆகியவற்றைப் பதிவு செய்துவிடாமல் தடுப்பதற்காகப் புல எண்ணுக்குப் பூஜ்ஜியம் இட்டு வைக்கும் வழக்கம் உண்டு. பழைய கோயில்கள் நிறைந்த திருவொற்றியூர் போன்ற ஊரில் இதை அலட்சியமாகக் கடந்துவிட வேண்டாம். பூஜ்ஜியத்தைப் பார்த்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சந்தை விலையை அறிய ஒரு நம்பகமான வழி

தரகர் சொல்லும் விலைக்கு மாற்றுச் சாட்சி, வில்லங்கச் சான்றுதான். வாங்கப் போகும் மனையின் வில்லங்கத்தைப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அதோடு, அக்கம்பக்கத்துப் புல எண்கள் இரண்டு மூன்றுக்கும் கடந்த ஓரிரு ஆண்டுகளுக்கு அதே தளத்தில் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு பத்திரத்தின் கீழும் 'கைமாற்றுத் தொகை' என்றும் 'சந்தை மதிப்பு' என்றும் இரண்டு தொகைகள் தனித்தனியே அச்சாகியிருக்கும். முன்னது, அந்தப் பத்திரத்தில் தரப்பினர் எழுதிய விலை. பின்னது, தீர்வை கணக்கிட எடுத்துக்கொள்ளப்பட்ட மதிப்பு. இரண்டும் ஒரு ரூபாய்கூட மாறாமல் வழிகாட்டி மதிப்பாகவே இருந்தால், அங்கே உண்மை விலை எழுதப்படவில்லை என்று ஊகிக்கலாம். அந்த வரியை விலைக்குச் சான்றாக எடுக்க வேண்டாம். கைமாற்றுத் தொகை வழிகாட்டி மதிப்பைவிட உயர்ந்து, உருண்டையாக இல்லாத ஒரு தொகையாக நின்றால், பெரும்பாலும் அது வங்கிக் கடனோடு நடந்த கிரயமாக இருக்கும். அதே நாளில் பதிவான அடமானப் பத்திரம் அடுத்த வரியிலேயே தெரியும். அத்தகைய வரிகள்தான் நம்பத் தகுந்தவை.

ஒரு கணக்கு: விலை கூடுதலாக இருக்கும்போது

உதாரணத்துக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். மெட்ரோ நிலையத்துக்கு அருகில் 1,000 சதுர அடி மனை. வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு ரூ. 3,000, பேசி முடித்த விலை சதுர அடிக்கு ரூ. 5,500. வழிகாட்டி மதிப்பின்படி மனை 30 லட்சம், உண்மை விலை 55 லட்சம்.

உண்மை விலையை எழுதினால், 55 லட்சத்துக்கு 7 விழுக்காடு தீர்வை ரூ. 3,85,000, பதிவுக் கட்டணம் ரூ. 1,10,000, ஆகமொத்தம் ரூ. 4,95,000. வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதினால் மொத்தம் ரூ. 2,70,000. வித்தியாசம் ரூ. 2,25,000. தரகர் காட்டும் ஆசை இந்த இரண்டேகால் லட்சம்தான்.

ஆனால் எழுதாமல் விட்ட 25 லட்சம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. இதே மனையைச் சில ஆண்டுகள் கழித்து நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை 30 லட்சம் என்றுதான் பத்திரம் சொல்லும். அதனால் உண்மையில் நீங்கள் செலவழித்த 25 லட்சமும் உங்கள் ஆதாயமாகக் கணக்கில் ஏறும். நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு இப்போதைய வரி 12.5 விழுக்காடு, 25 லட்சத்துக்கு ரூ. 3,12,500. இன்று 9 விழுக்காட்டை மிச்சப்படுத்தி, நாளை அதே தொகைக்கு 12.5 விழுக்காடு கட்டுவது எவ்வகையில் லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்த ஏற்பாட்டால் உடனடி லாபம் அடைகிறவர் விற்பவர்தான், ஏனெனில் அவருடைய ஆதாய வரி குறைகிறது. அதனால்தான் இந்த யோசனை பெரும்பாலும் அவர் பக்கத்திலிருந்து வருகிறது.

வேறு இடர்களும் உண்டு. பின்னாளில் உரிமையில் குறை கண்டு வழக்குக்குப் போனால், திரும்பக் கேட்கக் கூடிய தொகைக்குச் சான்று பத்திரத்தில் உள்ள 30 லட்சம்தான். வங்கியும் எழுதிய விலையைப் பார்த்தே கடன் தரும். நிலத்துக்கான முன்பணமாக ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அந்த ரொக்கத்தைப் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். சட்டமும் இதில் தெளிவு: விலையை மறைத்து எழுதுவது வெறும் சிக்கனமல்ல, வரி ஏய்ப்பு. பத்திரப் பதிவு முடிந்த பிறகும், 5 ஆண்டுகளுக்குள் மதிப்பைத் தாமாகவே மறு ஆய்வுக்கு எடுக்க முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவு முத்திரைத் தனித் துணை ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது.

இந்த உதாரணத்தில் விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் இன்னொரு கடமையும் சேர்கிறது. விற்பவருக்குத் தரும் தொகையில் 1 விழுக்காடு, அதாவது ரூ. 55,000, வாங்குபவரே பிடித்து வருமான வரித்துறைக்குச் செலுத்த வேண்டும். இதை விற்பவரிடம் ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிடுங்கள். பதிவு நாளில் சொன்னால் மனக்கசப்பு வரும்.

மறுபக்கம்: விலை வழிகாட்டி மதிப்புக்குக் கீழே இருக்கும்போது

எண்ணூர்ப் பக்கம் 800 சதுர அடி மனை என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு ரூ. 2,500, ஆகவே 20 லட்சம். மழைக்கு முழங்கால் அளவு நீர் நிற்கும் சந்து என்பதால் 16 லட்சத்துக்குத்தான் பேசி முடிந்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆயினும் 9 விழுக்காடு 20 லட்சத்தின் மேல் என்றால் ரூ. 1,80,000, 16 லட்சத்தின் மேல் என்றால் ரூ. 1,44,000. வித்தியாசம் ரூ. 36,000 மட்டுமே. பலர் இந்த இடத்தில், போனால் போகட்டும் என்று கட்டிவிடுகிறார்கள்.

அவர்கள் கவனிக்காமல் விடுவது வருமான வரி. கிரயத் தொகைக்கும் தீர்வைக்கான மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் ரூ. 50,000, கிரயத் தொகையின் 10 விழுக்காடு ஆகிய இரண்டில் பெரியதைத் தாண்டினால், அந்த வித்தியாசம் முழுவதும் வாங்குபவரின் வருமானமாகக் கருதப்படும். இங்கே 10 விழுக்காடு 1.6 லட்சம், வித்தியாசம் 4 லட்சம். எனவே கைக்கு வராத 4 லட்சத்துக்கு நீங்கள் வரி கட்ட வேண்டிவரும். 20 விழுக்காடு வரம்பில் இருப்பவருக்கே அது ரூ. 80,000. விற்பவருக்கும் அவர் விற்ற விலை 20 லட்சம் என்று வைத்தே ஆதாயம் கணக்கிடப்படும். ஆகவே இத்தகைய மனையில் முடிவெடுக்க வேண்டியது 36,000 ரூபாயைப் பற்றி அல்ல.

இந்த வரியைச் சமாளிக்க இரண்டு வழிகள் உள்ளன, இரண்டையும் ஒருசேரப் பிடிக்க முடியாது. முதலாவது, 16 லட்சத்தையே எழுதி, அதற்குரிய தீர்வையைக் கட்டி, பத்திரத்தைத் தாக்கல் செய்வது. சார்பதிவாளர் மதிப்பை ஏற்காவிட்டால் 47-ஏ பிரிவின்கீழ் தனித் துணை ஆட்சியருக்கு (முத்திரை) அனுப்புவார். அங்கிருந்து வரும் முதல் அறிவிப்புக்கு 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நீர் தேங்கிய தேதியிட்ட புகைப்படங்கள், சந்தின் அகலம், அதே சந்தில் நடந்த குறைந்த விலைக் கிரயங்களின் வில்லங்க வரிகள், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவற்றை அந்தப் பதிலோடு இணையுங்கள். 'விலை அவ்வளவுதான் பேசினோம்' என்ற வாய்மொழி மட்டும் அங்கே எடுபடாது. இறுதி உத்தரவு திருப்தி தராவிட்டால் பதிவுத்துறைத் தலைவரிடம் 2 மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். குறைந்த மதிப்பு இவ்வழியே உறுதியானால் வருமான வரிக்கும் அதுவே பொருந்தும். இதில் உள்ள சங்கடம் என்னவென்றால், உத்தரவு வரும்வரை பதிவான அசல் பத்திரம் உங்கள் கைக்கு வராது. வங்கிக் கடன் எடுப்பவருக்கு இது பெரிய தொல்லை.

இரண்டாவது வழி, தீர்வையை 20 லட்சத்தின் மேல் கட்டிப் பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, கிரயத் தொகையாக மட்டும் உண்மையான 16 லட்சத்தை எழுதுவது. பின்னர் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது, வழிகாட்டி மதிப்பு உண்மை மதிப்பைவிட அதிகம் என்று எடுத்துரைத்து, துறையின் மதிப்பீட்டு அதிகாரியிடம் அனுப்பக் கோரலாம். தீர்வைக்கான மதிப்பை வேறு எந்த அதிகாரியிடமும் நீதிமன்றத்திலும் எதிர்க்காமல் இருந்தால்தான் இக்கோரிக்கை எடுபடும். கடன் எடுத்து வாங்குகிறவருக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். ரொக்கமாகச் சேமித்து வாங்குகிறவர், சான்றுகள் வலுவாக இருந்தால், முதல் வழியில் பொறுமையாக நிற்கலாம்.

பதிவுக்கு முந்தைய வாரம்

வழிகாட்டி மதிப்பைக் கடைசி முறையாக அந்த வாரத்தில் மீண்டும் பாருங்கள், ஏனெனில் தீர்வை, பத்திரம் எழுதிக் கையெழுத்தாகும் நாளின் மதிப்பைப் பொறுத்தது, ஒப்பந்தம் போட்ட நாளின் மதிப்பை அல்ல. ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் இடையே மதிப்பு ஏறிவிட்டால், கூடுதல் தீர்வை உங்கள் செலவுதான். வருமான வரிக்கு மட்டும், முன்பணம் வங்கி வழியாகச் சென்றிருந்தால் ஒப்பந்த நாளின் மதிப்பை எடுத்துக்கொள்ள இடம் உண்டு. அதனால்தான் முன்பணத்தைக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கொடுத்து, அதன் எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

பத்திர வரைவு வந்ததும், கிரயத் தொகையும் வழிகாட்டி மதிப்பின்படியான தொகையும் தனித்தனியே காட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அளவு சதுர அடியிலும் சதுர மீட்டரிலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். 1,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 92.9 சதுர மீட்டர். மனையில் ஓர் ஓட்டு வீடோ கொட்டகையோ நின்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள், ஏனெனில் கட்டடத்தின் மதிப்பு தனியே கூட்டப்படும். பதிவுக்குப் பின் கள ஆய்வில் அது தெரிந்தால் குறைவு முத்திரைத் தீர்வை கேட்டு அறிவிப்பு வரும். மனையளவு, வழிகாட்டி மதிப்பு, கிரயத் தொகை, 7 விழுக்காடு, 2 விழுக்காடு என்ற ஐந்து வரிகளையும் ஒரு தாளில் நீங்களே எழுதி, ஆவண எழுத்தர் தரும் கணக்கோடு ஒப்பிட்ட பிறகே இணையவழியில் பணம் கட்டுங்கள். எழுத்தரின் கூலியும் சில்லறைக் கட்டணங்களும் இந்த 9 விழுக்காட்டில் சேராது. அவற்றைத் தனியாகக் கேட்டு, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.